கேட்டது ஒரு தளம், வந்தது வேறு பக்கம்: ரயில் நிலைய வைஃபை நம்மை வழிமறிக்கும் விதம்

எம்.ஜி.ஆர். சென்னை சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருவர் போனில் வைஃபையைத் திறக்கிறார். பட்டியலில் RailWire என்ற பெயர் இருக்கிறது. தொட்டதும் இணைந்துவிடுகிறது; கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப் செய்தி போகவில்லை. யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சில நொடிகளில், நெட்வொர்க்கில் உள்நுழையச் சொல்லி ஓர் அறிவிப்பு வருகிறது. அதைத் தொட்டால் மொபைல் எண் கேட்கும் பக்கம் திறக்கிறது. எண்ணைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் வந்த ஓடிபியை இட்டதும் வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் ஓடத் தொடங்குகின்றன.

ரயில்வேயின் பொதுத்துறை நிறுவனமான ரயில்டெல், 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் கூகுளோடு சேர்ந்து இந்தச் சேவையைத் தொடங்கியது. 2020இல் கூகுள் விலகிக்கொண்ட பிறகும் ரயில்டெல் தொடர்ந்து நடத்துகிறது. இன்று நாடு முழுவதும் 6,000க்கும் அதிகமான நிலையங்களில் இது இருக்கிறது. முதல் அரை மணி நேரம் இலவசம். விமான நிலையம், மருத்துவமனை, ஓட்டல் என்று எங்கே போனாலும் பொது வைஃபை பெரும்பாலும் இதே முறையில்தான் நம்மை வரவேற்கிறது. இந்த நுழைவுப் பக்கத்துக்குக் கேப்டிவ் போர்ட்டல் என்று பெயர்.

அந்தப் பக்கத்தைப் பயணி கேட்கவில்லை. எந்த முகவரியையும் அவர் தட்டச்சு செய்யவில்லை. அப்படியிருக்க அது எப்படி அவருடைய திரைக்கு வந்தது? போன் வேறொரு தளத்திடம் அனுப்பிய கேள்வியை, நிலையத்தின் கருவி நடுவழியில் பிடித்து, அந்தத் தளத்தின் பெயரிலேயே தன் பதிலை அனுப்பியது. சாதாரணமாக இணையத் திருடர்கள் செய்கிற வேலையை இங்கே நல்ல நோக்கத்துக்காகச் செய்கிறார்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், பொது வைஃபையில் எந்தப் பக்கத்தை நம்பலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பது தானாக விளங்கும்.

இணைந்த பிறகும் இணையம் இல்லை

வைஃபையில் இணைவதும் இணையத்தை அடைவதும் இரண்டு தனித்தனிச் செயல்கள். RailWire என்ற பெயரைத் தொட்டதும், போனுக்கும் கூரையில் மாட்டியிருக்கும் வைஃபை கருவிக்கும் இடையே ரேடியோத் தொடர்பு ஏற்படுகிறது. அடுத்து போன், 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று நெட்வொர்க்கிடம் கேட்கிறது. டிஹெச்சிபி என்ற ஏற்பாடு அதற்குப் பதில் சொல்கிறது. உதாரணத்துக்கு, 'உன் முகவரி 10.20.4.57. வெளியே போக வேண்டுமானால் எல்லாவற்றையும் 10.20.0.1 என்ற கேட்வேயிடம் கொடு. தளங்களின் பெயரைச் சொல்லி முகவரி கேட்க வேண்டுமானால் இந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேள்' என்று அது சொல்வதாக வைத்துக்கொள்வோம். இதுவரை வீட்டு வைஃபையில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது.

வித்தியாசம் அந்த கேட்வேயில் இருக்கிறது. வெளியே போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒவ்வொரு போனின் வைஃபை பகுதிக்கும் மேக் முகவரி என்ற ஓர் அடையாள எண் உண்டு. அனுமதி பெற்ற மேக் முகவரிகளின் பட்டியலொன்றை கேட்வே வைத்திருக்கிறது. இப்போதுதான் வந்து சேர்ந்த நம் பயணியின் போன் அதில் இல்லை.

பட்டியலில் இல்லாத கருவிகளை கேட்வே நடத்தும் விதம் எளிமையானது. முகவரி கேட்பது, தளத்தின் பெயரை விசாரிப்பது ஆகிய இரண்டையும் அனுமதிக்கும். நுழைவுப் பக்கம் இருக்கும் சர்வருக்குப் போவதையும் அனுமதிக்கும். குறியாக்கம் இல்லாத பழைய http வலைப்போக்குவரத்து வந்தால் அதை வெளியே விடாமல் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். மற்ற எல்லாவற்றையும் கைவிட்டுவிடும். வாட்ஸ்அப் செய்தி போகாததற்கும் யூடியூப் சுற்றிக்கொண்டே நின்றதற்கும் இந்தக் கடைசி விதிதான் காரணம்.

போன் தானாகக் கேட்கும் கேள்வி

பயணி எதுவும் செய்யாமலே அந்த அறிவிப்பு வந்ததே, அது எப்படி? புதிய வைஃபையில் சேர்ந்ததும், 'இங்கிருந்து இணையம் உண்மையாகவே போகிறதா' என்று போன் தானாகவே சோதித்துப் பார்க்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பொதுவாக அனுப்பும் சோதனைக் கேள்வி இதுதான்:

```
GET /generate_204 HTTP/1.1
Host: connectivitycheck.gstatic.com
```

இது கூகுளின் ஒரு சர்வருக்கு எழுதப்படும் கேள்வி. அந்த சர்வரின் ஒரே வேலை, உள்ளே எதுவும் இல்லாத ஒரு பதிலை 204 என்ற எண்ணோடு திருப்பி அனுப்புவது. அந்த 204 வந்துவிட்டால் வழி திறந்திருக்கிறது என்று போன் முடிவு செய்யும். ஐபோன் captive.apple.com என்ற தளத்திடம் கேட்டு, Success என்ற சொல்லை எதிர்பார்க்கும். விண்டோஸ் கணினி www.msftconnecttest.com தளத்திலிருந்து Microsoft Connect Test என்ற வரியை எதிர்பார்க்கும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் தனக்கென்று இப்படி ஒரு சோதனைத் தளம் வைத்திருக்கிறது.

ஆனால் சென்ட்ரலில் நிற்கும் போனுக்கு 204 வரவில்லை. வந்தது இப்படிப்பட்ட ஒரு பதில்:

```
HTTP/1.1 302 Found
Location: http://10.20.0.1/login
```

302 என்றால் 'நீ கேட்டது இங்கே இல்லை, இந்த முகவரிக்குப் போய்ப் பார்' என்று பொருள். கூகுளின் அந்த சர்வர் ஒருபோதும் இப்படிச் சொல்லாது. ஆகவே நடுவில் யாரோ பதில் எழுதியிருக்கிறார்கள் என்று போன் புரிந்துகொள்கிறது. இது நுழைவுப் பக்கம் உள்ள நெட்வொர்க் என்று குறித்துக்கொண்டு அறிவிப்பைக் காட்டுகிறது. பயணி அதைத் தொட்டதும், 302 காட்டிய முகவரியை ஒரு சிறு பிரவுசரில் திறந்து வைக்கிறது.

அந்தச் சிறு பிரவுசரைப் பற்றி ஒரு தகவலைச் சொல்ல வேண்டும். ஐபோனில் அது சஃபாரி இல்லை. இந்த வேலைக்கென்றே தனியாக எழுதப்பட்ட ஜன்னல். சஃபாரியில் நீங்கள் உள்நுழைந்து வைத்திருக்கும் மின்னஞ்சல், கடைக் கணக்கு எதுவும் அதற்குத் தெரியாது. நுழைவுப் பக்கத்தை யார் எழுதியிருப்பார்கள் என்று போனுக்கு உறுதியாகத் தெரியாது. அதனால் அதைத் தனியே நிறுத்திவைக்கிறார்கள்.

கூகுளின் பெயரில் வந்த பதில்

கேட்வே எப்படி கூகுளின் பெயரில் பதில் அனுப்பியது? போன் அனுப்பிய பொட்டலத்தின் மேல் இரண்டு முகவரிகள் இருந்தன. அனுப்புநர் 10.20.4.57, பெறுநர் கூகுள் சர்வரின் முகவரி. கூடவே 80 என்ற எண்ணும் இருந்தது. அது http போக்குவரத்துக்கு ஒதுக்கப்பட்ட எண். பட்டியலில் இல்லாத ஒருவரிடமிருந்து 80க்குப் போகும் பொட்டலம் என்றதும், கேட்வே பெறுநர் முகவரியை அடித்துவிட்டுத் தன் முகவரியை எழுதுகிறது. பொட்டலம் நிலையத்தின் நெட்வொர்க்கை விட்டு வெளியே போகாமல், கேட்வேயில் ஓடும் ஒரு சிறு சர்வரிடம் போய்ச் சேர்கிறது. அந்த சர்வர் 302 என்று பதில் எழுதுகிறது. பதில் போனுக்குத் திரும்பும்போது, அனுப்புநர் இடத்தில் கூகுளின் முகவரியை கேட்வே மறுபடி எழுதிவிடுகிறது. எந்த முகவரியை எதற்குப் பதிலாக மாற்றினோம் என்பதை அது நினைவில் வைத்திருப்பதால் இது பிசகாமல் நடக்கிறது.

போனின் பக்கமிருந்து பார்த்தால் கூகுளோடு பேசியதாகத்தான் எல்லாம் காட்டும். உண்மையில் கூகுளுக்கு அந்தக் கேள்வி போகவே இல்லை. வீட்டு ரவுட்டரும் முகவரிகளை மாற்றி எழுதும் கருவிதான். ஆனால் அது உங்கள் அனுப்புநர் முகவரியை மட்டும் மாற்றும். பொட்டலம் நீங்கள் சொன்ன இடத்துக்குத்தான் போகும். கேப்டிவ் போர்ட்டலோ நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்பதையே மாற்றிவிடுகிறது.

பழைய போர்ட்டல்கள் சில இதை வேறு வழியில் செய்தன. எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டாலும் அவற்றின் டிஎன்எஸ் சர்வர் போர்ட்டலின் முகவரியையே பதிலாகச் சொல்லும். இதில் ஒரு தொல்லை உண்டு. போன் அந்தப் பொய் முகவரியைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஓடிபி கொடுத்து உள்ளே போன பிறகும், முதலில் கேட்ட தளத்தைத் திறந்தால் பழையபடி நுழைவுப் பக்கமே வந்து நிற்கும். வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பெரும்பாலும் இது சரியாகிவிடும்.

https முன்னால் இந்த வித்தை பலிக்காது

http என்பது அஞ்சலட்டை. வழியில் கையில் எடுக்கும் எவரும் படிக்கலாம், வேறு அட்டை எழுதி அதே பெயரில் அனுப்பலாம், பெறுபவருக்குத் தெரியாது. https என்பது முத்திரையிட்ட உறை. முத்திரை அந்தத் தளத்துக்கு மட்டுமே உரியது. உறையை வாங்கியதும் பிரவுசர் முதலில் பார்ப்பது முத்திரையைத்தான்.

அந்த முத்திரையின் தொழில்நுட்பப் பெயர் சான்றிதழ். ஒரு வங்கியின் தளத்தை https வழியாகத் திறக்கும்போது, 'நீ அந்த வங்கிதான் என்று காட்டு' என்று பிரவுசர் கேட்கிறது. வங்கியின் சர்வர், நம்பகமான சான்றிதழ் நிறுவனம் ஒன்று வழங்கிய சான்றிதழைக் காட்டி, அதற்குரிய ரகசியச் சாவி தன்னிடம் இருப்பதையும் நிரூபிக்கிறது. ரயில் நிலைய கேட்வே அந்தப் பொட்டலத்தைத் தன் பக்கம் திருப்பினாலும் வங்கியின் ரகசியச் சாவி அதனிடம் இல்லை. அது காட்டக்கூடியது தன் சொந்தச் சான்றிதழை மட்டுமே. பெயர் பொருந்தவில்லை என்று பிரவுசர் உடனே கண்டுபிடித்து, 'உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல' என்ற எச்சரிக்கைத் திரையைக் காட்டிவிடும்.

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு பெரும்பாலான தளங்கள் http வழியாகவே ஓடின. அப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் போர்ட்டல் தன் பக்கத்தைக் காட்டிவிட முடிந்தது. பிறகு நிலைமை மாறியது. 2015இல் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு சான்றிதழ்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2018 ஜூலை முதல் குரோம் பிரவுசர் எல்லா http தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று முத்திரை குத்தத் தொடங்கியது. 2012இல் வந்த ஹெச்எஸ்டிஎஸ் என்ற விதி இதற்கும் ஒருபடி மேலே போனது. 'என்னை எப்போதும் https வழியாக மட்டுமே திற. சான்றிதழில் பிழை இருந்தால் பயனர் விரும்பினாலும் விடாதே' என்று ஒரு தளம் பிரவுசருக்குக் கட்டளையிட அது வழி செய்தது. அதனால்தான் பல பெரிய தளங்களின் எச்சரிக்கைத் திரையில், தாண்டிப் போகும் பொத்தானே இருப்பதில்லை.

இவ்வளவு காவலும் நடுவில் நின்று வேறொருவர் பெயரில் பதில் சொல்பவனைப் பிடிப்பதற்காக வந்தவை. கேப்டிவ் போர்ட்டல் செய்வதும் அதே வேலை என்பதால் அதுவும் மாட்டிக்கொண்டது. ஒழுங்காக அமைக்கப்பட்ட போர்ட்டல் இன்று https போக்குவரத்தைத் தொடுவதில்லை. போகவிடாமல் நிறுத்துவதோடு சரி. போன்களும் பிரவுசர்களும் தங்கள் சோதனைக் கேள்வியை வேண்டுமென்றே குறியாக்கம் இல்லாத http வழியாக அனுப்புகின்றன. இடைமறிக்கப்படுவதற்கென்றே ஒரு கேள்வி அனுப்பப்படுகிறது. அதில் உங்கள் தகவல் எதுவும் இல்லை என்பதால் யார் படித்தாலும் நட்டமில்லை.

இதிலிருந்து பயணிகளுக்கு உறுதியான ஒரு விதி கிடைக்கிறது. வைஃபையில் உள்நுழைவதற்காகச் சான்றிதழ் எச்சரிக்கையைத் தாண்டிப் போகவேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. வங்கித் தளத்திலோ மின்னஞ்சலிலோ அந்த எச்சரிக்கை வந்தால், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரோ நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் போர்ட்டலாகவும் இருக்கலாம், வேறு ஆளாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அந்த நேரத்தில் அங்கே கடவுச்சொல்லை இடக்கூடாது.

ஓடிபி எதற்கு, அது எங்கே போகிறது

பல வெளிநாட்டு ஓட்டல்களில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினாலே போதும். இந்தியாவில் மட்டும் ஓடிபி தவறாமல் வருவதற்கு ஒரு வரலாறு உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளை ஒட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டப்படாத வைஃபை வழியாகப் போனது தெரியவந்தது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பொது இடங்களில் வைஃபை தருபவர்கள் பயனரின் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அடையாள அட்டையின் நகலை வாங்கிவைப்பது ஒரு வழி. மொபைல் எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி உறுதிசெய்வது மற்றொரு வழி. சிம் வாங்கும்போது ஆவணம் கொடுத்திருப்பதால் எண்ணே அடையாளம் ஆகிறது. அந்த எஸ்எம்எஸ் மொபைல் நெட்வொர்க் வழியாக வருகிறது. அதனால் சிம் இல்லாத டேப்லெட்டோ, சிக்னல் கிடைக்காத போனோ வைத்திருப்பவர் வைஃபை பக்கத்திலேயே இருந்தும் நுழைய முடியாமல் நிற்கிறார்.

நீங்கள் ஓடிபியை இட்டதும் நுழைவுப் பக்கத்தின் சர்வர் அதைச் சரிபார்க்கிறது. பிறகு, 'இந்த மேக் முகவரியை முப்பது நிமிடத்துக்கு அனுமதி' என்று கேட்வேயிடம் சொல்கிறது. கேட்வே தன் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கிறது. அவ்வளவுதான் உள்நுழைவு. உங்கள் போனில் எதுவும் மாறவில்லை. எந்தக் குறியாக்கமும் புதிதாகத் தொடங்கவில்லை. அனுமதி முழுவதும் கேட்வேயின் நினைவில் இருக்கும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இதில் ஒரு பலவீனம் ஒளிந்திருக்கிறது. கடவுச்சொல் இல்லாத வைஃபையில் மேக் முகவரி காற்றில் வெளிப்படையாகப் போகிறது. அருகில் இருப்பவர் எளிய மென்பொருளால் அதைப் பார்க்க முடியும். தன் கருவியின் மேக் முகவரியை அதே எண்ணாக மாற்றிக்கொள்ளவும் முடியும். அப்போது கேட்வேக்கு இரண்டு கருவிகளும் ஒன்றாகவே தெரியும். அவர் செய்வதெல்லாம் உங்கள் மொபைல் எண்ணின் கணக்கில் பதிவாகும். யார் பயன்படுத்தினார்கள் என்று அறிவதற்காக வந்த ஏற்பாடு, எந்தக் கருவி என்பதைக்கூட உறுதியாகச் சொல்லக்கூடியதாக இல்லை. வேலை முடிந்ததும் வெளியேறும் வசதி பக்கத்தில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அப்படிச் செய்தால் கேட்வே அந்த வரியை உடனே நீக்கிவிடும்.

பக்கம் வராவிட்டால்

பொது வைஃபையில் அதிகம் கேட்கும் புகார், 'இணைந்துவிட்டது, ஆனால் நுழைவுப் பக்கம் வரவில்லை' என்பது. அறிவிப்பைத் தவறுதலாகத் தள்ளிவிட்டிருப்பார்கள். பிறகு பிரவுசரில் வழக்கமான தளத்தைத் திறப்பார்கள். அது https தளம் என்பதால் போர்ட்டலால் தன் பக்கத்தைக் காட்ட முடியாது. திரை சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து, குறியாக்கம் இல்லாத ஒரு தளத்தை நாமே திறப்பது. இந்தத் தேவைக்கென்றே https இல்லாமல் நடத்தப்படும் தளம் ஒன்று இருக்கிறது. முகவரிப் பட்டையில் http://neverssl.com என்று முழுமையாகத் தட்டச்சு செய்தால், போர்ட்டல் அந்தக் கேள்வியை இடைமறித்துத் தன் பக்கத்தைக் காட்டும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். விபிஎன் எல்லாப் போக்குவரத்தையும் குறியாக்கம் செய்து தன் சர்வருக்கு அனுப்பப் பார்க்கும். கேட்வே அதை விடாது. போன் அனுப்பும் சோதனைக் கேள்வியும் அந்த அடைப்பில் சிக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பில் ஒரு சர்வரின் பெயரை நிரந்தரமாக எழுதி வைத்திருந்தாலும் இதே போன்ற சிக்கல் வரக்கூடும். உள்நுழையும் வரை இவற்றை நிறுத்திவைத்து, இணையம் வந்ததும் மறுபடி இயக்குவதே வழி.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணையம் சட்டென்று நிற்பது அடுத்த புகார். முப்பது நிமிடம் முடிந்ததும் கேட்வே அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. அதை உங்களிடம் சொல்ல அதற்கு வழி இல்லை. செயலிகள் https வழியாகப் பேசுவதால் அவற்றின் நடுவே செய்தி எதையும் நுழைக்க முடியாது. போன் அடுத்த சோதனைக் கேள்வியை அனுப்பும் வரை வைஃபை சின்னம் முழுதாகவே தெரியும். சின்னத்தின் அருகே ஆச்சரியக்குறி வந்தால் போன் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

நேற்று உள்நுழைந்த நிலையத்திலேயே இன்று மறுபடி எண் கேட்பதற்கு மேக் முகவரி ஒரு காரணமாக இருக்கலாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல், ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு கற்பனை எண்ணை உருவாக்கிக் காட்டுகின்றன. ஊர் ஊராக ஒருவரைப் பின்தொடர்வதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. அந்த எண் மாறிவிட்டால் போர்ட்டலுக்கு நீங்கள் புதியவர். மறுபடி ஓடிபி கொடுப்பது சிறு சிரமம்தான். அதற்காக அந்தப் பாதுகாப்பை அணைக்க வேண்டாம்.

போலி நுழைவுப் பக்கம்

RailWire என்ற பெயர் திரையில் தெரிவதால் அது ரயில்டெல்லின் கருவி என்று ஆகிவிடாது. வைஃபைக்குப் பெயர் வைப்பதற்கு யாரும் அனுமதி வாங்குவதில்லை. உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு நீங்கள் விரும்பும் பெயரை வைப்பதுபோல, எவரும் எந்தப் பெயரையும் வைக்கலாம். கடவுச்சொல் இல்லாத நெட்வொர்க்கில் உண்மையானதையும் போலியையும் பிரித்தறிய போனிடம் வழியே இல்லை. முன்பு ஒருமுறை அந்தப் பெயரில் இணைந்திருந்தால் போன் தானாகவே போலியோடு சேர்ந்துவிடவும் கூடும். அதன்பின் போலிக்காரர் தன் சொந்த நுழைவுப் பக்கத்தைக் காட்டலாம்.

இது வெறும் கற்பனை இல்லை. 2024இல் ஆஸ்திரேலிய மத்திய காவல்துறை, பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் இப்படிப் போலி வைஃபை நடத்தியதாக ஒருவர்மீது வழக்குப் பதிந்தது. விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்றை விமான ஊழியர்கள் கவனித்ததிலிருந்து விசாரணை தொடங்கியது. அந்த நபரின் கைப்பையில் சிறிய வைஃபை கருவி ஒன்று கிடைத்தது. இணைந்தவர்களுக்கு அது காட்டிய பக்கம், மின்னஞ்சல் அல்லது சமூக வலைத்தளக் கணக்கின் விவரங்களைக் கொடுத்து உள்நுழையச் சொன்னது என்று காவல்துறை தெரிவித்தது. https-ஐ உடைக்க வேண்டிய அவசியமே இதில் இல்லை. நுழைவுப் பக்கம் வருவது இயல்பு என்று பழகிப்போன பயணிகள், கேட்டதைத் தாங்களாகவே எழுதிக்கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையே இந்தத் தந்திரத்தின் மூலதனம்.

இந்தியச் சூழலில் ஓடிபியையும் இப்படிக் குறிவைக்க முடியும். போலிப் பக்கம் உங்கள் மொபைல் எண்ணைக் கேட்கிறது. நீங்கள் கொடுத்ததும், போலிக்காரர் அதே எண்ணை வாட்ஸ்அப்பிலோ வேறொரு சேவையிலோ இட்டு உள்நுழைய முயல்கிறார். உங்களுக்கு ஓடிபி வருகிறது. அது வைஃபைக்கான எண் என்று எண்ணி நீங்கள் அந்தப் பக்கத்தில் இட்டால், அவர் அதை எடுத்து உங்கள் கணக்குக்குள் போய்விடுவார். இதைக் கண்டுபிடிக்கும் வழி எஸ்எம்எஸ்ஸிலேயே இருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்காமல், எந்தச் சேவை அனுப்பியது, எதற்காக அனுப்பியது என்ற வரியைப் படியுங்கள். வைஃபை என்ற பேச்சே அதில் இல்லாவிட்டால் எண்ணை இடாமல் பக்கத்தை மூடிவிடுங்கள்.

உண்மையான போர்ட்டலில் முறையாக உள்நுழைந்த பிறகும் ஒன்றை மறக்கக்கூடாது. ஓடிபி கொடுத்ததால் இணைப்பு பாதுகாப்பாகிவிடுவதில்லை; போனுக்கும் கருவிக்கும் இடையிலான ரேடியோத் தொடர்பு முன்பு போலவே திறந்த நிலையில் இருக்கிறது. https தளங்களிலும் செயலிகளிலும் நீங்கள் எழுதுவதை அருகில் இருப்பவர் படிக்க முடியாது. ஆனால் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பதைப் பல நேரங்களில் பார்க்க முடியும்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது

இவ்வளவு சிக்கலுக்கும் வேர், தான் யார் என்று சொல்லாமல் இன்னொருவர் பெயரில் பதில் அனுப்பும் பழக்கம். இதை மாற்றும் வழியை இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2020இல் வெளியிட்டது. முகவரி கொடுக்கும் அந்த முதல் நொடியிலேயே, 'இங்கே உள்நுழைவு தேவை. விவரம் இந்த முகவரியில் இருக்கிறது' என்று நெட்வொர்க் வெளிப்படையாகச் சொல்லிவிடும். போன் அந்த முகவரியை https வழியாகவே கேட்கும். பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
{ "captive": true,
  "user-portal-url": "https://portal.example.com/" }
```

உள்நுழைந்த பிறகு இன்னும் எத்தனை நொடி மிச்சம் இருக்கிறது என்பதையும் இதே வழியில் போன் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாருடைய போக்குவரத்தையும் திருப்ப வேண்டாம். எந்தத் தளத்தின் பெயரிலும் பதில் எழுத வேண்டாம். நுழைவுப் பக்கத்துக்கும் சான்றிதழ் இருப்பதால், அது எந்த நிறுவனத்தின் பெயரில் வருகிறது என்று சரிபார்க்கலாம். ஆண்ட்ராய்டு 11, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்தே போன்கள் இந்த மொழியைப் புரிந்துகொள்கின்றன. பின்தங்கியிருப்பவை வைஃபை தரும் நெட்வொர்க்குகள்தான். இந்த ஏற்பாடு போலி வைஃபையை ஒழித்துவிடாது. ஆனால் நேர்மையான நெட்வொர்க் நேர்மையாகப் பேசத் தொடங்கினால், இடைமறித்து வரும் பக்கங்களை மக்கள் சந்தேகத்தோடு பார்க்கப் பழகுவார்கள்.

ஒரு நாளில் லட்சக்கணக்கானோர் வந்துபோகும் ரயில் நிலையங்களில் சேவை நடத்துபவர்கள் இந்த மாற்றத்தை முதலில் செய்ய வேண்டும். அதுவரை பயணிகள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: வைஃபை நுழைவுப் பக்கத்துக்கு உங்கள் மொபைல் எண்ணும், வைஃபைக்கென்று வந்த ஓடிபியும் தவிர வேறெதுவும் தேவையில்லை. மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ, அட்டை எண்ணையோ, ஏதேனும் ஒரு சான்றிதழையோ செயலியையோ நிறுவச் சொல்லியோ அது கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டு உங்கள் மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துங்கள்.